குறைந்த வாட் டைப்-சி சார்ஜரில் லேப்டாப்: மாட்டியிருந்தும் பேட்டரி ஏன் இறங்குகிறது?

"அண்ணே, சார்ஜ்ல போட்டுத்தான் வேலை பார்க்கிறேன். காலையில 80 இருந்துச்சு, மதியம் பார்த்தா 45. பேட்டரி போயிடுச்சா?"

அலுவலகத்தில் லேப்டாப்களைப் பார்த்துக்கொள்கிற என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். "எந்த சார்ஜர் போட்டிருக்கீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் செல்போன் சார்ஜராக இருக்கும். லேப்டாப்போடு வந்த 65 வாட் சார்ஜர் வீட்டில் இருக்கும். டைப்-சி முனை இரண்டுக்கும் ஒன்றுதான், மாட்டினால் மின்னல் குறியும் வருகிறது. ஆகவே எல்லாம் சரியாக இருக்கிறது என்றே யாருக்கும் தோன்றும். பேட்டரியோ லேப்டாப்போ கெட்டுப்போய் இப்படி நடப்பது அபூர்வம். பெரும்பாலும் இது வரவு செலவுக் கணக்கில் விழும் துண்டுதான். அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பதற்கான வழி கீழே இருக்கிறது. உங்கள் லேப்டாப் எப்படி நடந்துகொள்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவை எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன.

மாட்டியதும் உள்ளே என்ன நடக்கிறது

டைப்-சி சார்ஜரை மாட்டியவுடன் சார்ஜரும் லேப்டாப்பும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இந்தப் பேச்சுக்கான பொது விதிமுறைக்குப் பெயர் யூஎஸ்பி பவர் டெலிவரி. "என்னால் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர், 9 வோல்ட்டில் 3 ஆம்பியர், 15 வோல்ட்டில் 2 ஆம்பியர் தர முடியும்" என்று சார்ஜர் தன் பட்டியலைச் சொல்லும். அதில் ஒன்றை லேப்டாப் தேர்ந்தெடுத்துக் கேட்கும். சார்ஜர் ஒப்புக்கொண்ட பிறகுதான் வோல்ட் கூடும். சொன்ன அளவுக்கு மேல் லேப்டாப் இழுக்காது. அதனால் விதிமுறைப்படி செய்யப்பட்ட குறைந்த வாட் சார்ஜரை மாட்டினால் லேப்டாப் எரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பெயர் தெரியாத மலிவுச் சரக்கைப் பற்றி நான் இந்த உறுதியைத் தர மாட்டேன்.

வரும் மின்சாரம் முதலில் போவது பேட்டரிக்கு அல்ல. திரை, பிராசஸர், ரேம், வைஃபை எல்லாம் முதலில் எடுத்துக்கொள்ளும், மிஞ்சுவதுதான் பேட்டரிக்கு. மிஞ்சவில்லை என்றால் பேட்டரிக்கு ஒன்றும் கிடைக்காது. வருவதே போதவில்லை என்றால், குறைகிற பங்கைப் பேட்டரி தன் இருப்பிலிருந்து கொடுக்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டால் மேல்தொட்டியில் தண்ணீர் இறங்குமே, அதே கதைதான்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. "மின்சாரம் மாட்டியிருக்கிறதா, இல்லையா" என்பதை வைத்தே லேப்டாப் தன் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மாட்டியிருப்பது 30 வாட்டா 65 வாட்டா என்பதை விண்டோஸின் மின்சார அமைப்பு பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. மாட்டியிருக்கிறது என்று தெரிந்தாலே திரையின் வெளிச்சத்தைக் கூட்டும், பிராசஸரை முழு வேகத்துக்கு விடும். பேட்டரியில் ஓடும்போது சிக்கனமாக இருந்த அதே லேப்டாப், சின்ன சார்ஜரை மாட்டியதும் தாராளமாகச் செலவழிக்கத் தொடங்குகிறது. மாட்டியும் இறங்குகிறதே என்ற குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

அறிகுறி: மின்னல் குறி இருக்கிறது, ஆனால் சதவீதம் இறங்குகிறது

முதலில் இறங்கும் வேகத்தை அளந்துவிடுவோம். சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணி நேரம் ஆகும். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து இதைக் கொடுங்கள்:

```
Get-CimInstance -Namespace root\wmi -ClassName BatteryStatus |
  Select-Object PowerOnline, Charging, ChargeRate, DischargeRate, RemainingCapacity
```

அனுமதி இல்லை என்று சொன்னால் பவர்ஷெல்லை `Run as administrator` கொடுத்துத் திறந்து மறுபடி செய்யுங்கள். `ChargeRate`, `DischargeRate` எண்கள் மில்லிவாட்டில் இருக்கும். 1000-ஆல் வகுத்தால் வாட். `PowerOnline` என்பதற்கு நேரே `True` என்றும், `DischargeRate` என்பதற்கு நேரே 11000 போல ஓர் எண்ணும் இருந்தால் விஷயம் விளங்கிவிட்டது. சார்ஜர் மாட்டியிருக்கிறது, ஆனாலும் பேட்டரியிலிருந்து 11 வாட் வெளியே போகிறது. `ChargeRate` பக்கம் எண் இருந்தால் அவ்வளவு வாட் உள்ளே ஏறுகிறது. பிராசஸரின் வேலை நொடிக்கு நொடி மாறுவதால், சில நொடி இடைவெளியில் நாலைந்து தடவை பார்த்து நடுத்தரமான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் இதே தகவலுக்கு:

```
upower -i /org/freedesktop/UPower/devices/battery_BAT0
```

வருவதில் `state`, `energy-rate` என்ற இரண்டு வரிகள் போதும். சில லேப்டாப்களில் `BAT0` என்பது `BAT1` என்று இருக்கும். மேக்கில் `pmset -g ac` என்று கொடுத்தால், சார்ஜரிடமிருந்து எத்தனை வாட் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது என்றே வந்துவிடும்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 14 அங்குலத் திரை, இன்டெல் i5-1235U பிராசஸர், 50 வாட்-அவர் பேட்டரி, கூட வந்த சார்ஜர் 65 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று பல அலுவலகங்களில் கொடுக்கும் லேப்டாப் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதில் 30 வாட் சார்ஜரை மாட்டுகிறோம். கேபிளிலும் உள்ளே வோல்ட்டை மாற்றும் சுற்றிலும் கொஞ்சம் வீணாகும். பத்தில் ஒரு பங்கு போனது என்று கழித்தால் கையில் நிற்பது 27 வாட்.

ஒரு ஆவணத்தையும் நாலைந்து பிரவுசர் தாவல்களையும் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருந்தால் இந்த மாதிரி லேப்டாப் சுமார் 12 வாட் எடுக்கும். 27-ல் 12 போக 15 வாட் பேட்டரிக்கு. தாராளமாக ஏறும். கேமராவைப் போட்டுத் திரையையும் பகிர்ந்துகொண்டு வீடியோ மீட்டிங்கில் உட்கார்ந்தால் 25 வாட் ஆகிவிடும். மிச்சம் 2 வாட்தான். ஒரு மணி நேர மீட்டிங் முடிந்து பார்த்தால் 80 என்பது 84 ஆகியிருக்கும், அவ்வளவே. அடுத்து ஒரு வீடியோவை எக்ஸ்போர்ட் செய்கிறீர்கள், அல்லது பெரிய புரோகிராம் ஒன்றை கம்பைல் செய்கிறீர்கள். தொடர்ந்து 38 வாட் போகிறது என்றால் 11 வாட் துண்டு விழும். ஒரு மணி நேரத்தில் 11 வாட்-அவர், அதாவது 50-ல் 22 சதவீதம் காலி. 80-ல் தொடங்கினால் 40 வாட்-அவர் கையில் இருக்கிறது; 11-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

அதே லேப்டாப்பில் 45 வாட் சார்ஜரை மாட்டினால் கையில் நிற்பது 40 வாட். கம்பைல் செய்யும்போதும் 2 வாட் மிஞ்சுகிறது. பேட்டரி ஏறாது போலத் தெரியும், ஆனால் இறங்காது. 20 வாட் செல்போன் சார்ஜரை இந்த லேப்டாப் ஏற்றுக்கொண்டால் 18 வாட் கிடைக்கும். எழுதும்போது 6 வாட் ஏறும், மீட்டிங்கில் 7 வாட் இறங்கும். ஆக, "இந்த சார்ஜர் என் லேப்டாப்புக்குப் போதுமா?" என்ற கேள்விக்கு லேப்டாப்பை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் செய்யும் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூட வந்தது 65 வாட் என்பதற்காக லேப்டாப் எப்போதும் 65 வாட் சாப்பிடுகிறது என்று அர்த்தமில்லை. கடுமையாக வேலை பார்த்துக்கொண்டே பேட்டரியையும் ஏற்ற அந்த அளவு வைத்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. i5-1235U பிராசஸரின் அடிப்படை அளவு 15 வாட் என்றாலும், டர்போ வேகத்தில் சில நொடிகளுக்கு 55 வாட் வரை போக இன்டெல் அனுமதிக்கிறது. அந்தச் சில நொடிகளுக்கு 45 வாட் சார்ஜரும் போதாது, பேட்டரி கைகொடுக்கும். அதனால் `DischargeRate` ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு மறைவது இயல்பு. தொடர்ந்து நின்றால்தான் கவனிக்க வேண்டும்.

இறக்கத்தை நிறுத்த என்ன செய்யலாம்? பெரிய சார்ஜர் கையில் இல்லை என்றால் செலவைத்தான் குறைக்க வேண்டும். விண்டோஸ் அமைப்புகளில் `Power mode` என்ற இடத்தில், சார்ஜர் மாட்டியிருக்கும்போதே `Best power efficiency` என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான் மேலே சொன்ன "மாட்டியாச்சு, தாராளமாகச் செலவழிப்போம்" என்ற பழக்கத்தை இது கட்டுப்படுத்தும். விண்டோஸ் 11-ன் 24H2 பதிப்பு முதல் `Energy saver` என்பதையும் சார்ஜர் மாட்டியிருக்கும்போது போட்டுவைக்க முடியும். திரை வெளிச்சத்தைக் குறைப்பதும் சில வாட்களை மிச்சப்படுத்தும்.

இதெல்லாம் போதவில்லை என்றால் டர்போவையே நிறுத்திவிடலாம். என் அனுபவத்தில் அதிகம் பலன் தருவது இதுதான்:

```
powercfg /setacvalueindex scheme_current sub_processor PROCTHROTTLEMAX 99
powercfg /setacvalueindex scheme_current sub_processor PROCTHROTTLEMAX1 99
powercfg /setactive scheme_current
```

99 என்று வைத்தால் பிராசஸர் அடிப்படை வேகத்துக்கு மேல் போகாது. கம்பைல் முடிய நேரம் கூடும், ஆனால் 38 வாட் என்பது 25-க்குப் பக்கத்தில் வந்துவிடும். பழைய சார்ஜர் கைக்கு வந்ததும் அதே கட்டளைகளில் 99-க்குப் பதில் 100 என்று கொடுத்துத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் சில வாரம் கழித்து "லேப்டாப் ஏனோ மந்தமாக இருக்கிறது" என்று வேறெங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள். லினக்ஸில் `powerprofilesctl set power-saver` என்பதும், மேக்கில் பேட்டரி அமைப்புகளில் உள்ள `Low Power Mode` என்பதும் இதே நோக்கத்துக்குத்தான்.

லேப்டாப்பின் யூஎஸ்பி துளையில் போனை சார்ஜுக்குப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். 30 வாட்டில் தள்ளாடும் லேப்டாப்பிடமிருந்து போன் 7 வாட்டோ அதற்கு மேலோ பிடுங்கிக்கொள்ளும். சாப்பாட்டு நேரத்தில் மூடியை மூடித் தூங்கவிட்டால் 27 வாட்டும் முழுசாகப் பேட்டரிக்குப் போகும். 45 நிமிடத்தில் 50 வாட்-அவர் பேட்டரியில் 35 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். 80 சதவீதத்தைத் தாண்டிய பிறகு மட்டும் வேகம் தானாகக் குறையும். அது லித்தியம் பேட்டரியின் இயல்பு, சார்ஜரின் குறை அல்ல.

அறிகுறி: மாட்டினால் எதுவுமே நடக்கவில்லை

போன் சார்ஜ் ஆகிறது, லேப்டாப்பில் மட்டும் மின்னல் குறியே வரவில்லை. முதலில் துளையைப் பாருங்கள். லேப்டாப்பில் இருக்கும் எல்லா டைப்-சி துளைகளும் சார்ஜ் வாங்காது. சிலது தரவுக்கு மட்டும். பக்கத்தில் மின்னலோ பிளக்கோ போட்டிருக்கும் துளையில் மாட்டிப் பாருங்கள். கூட வந்த சார்ஜரே வட்ட முனை உடையது என்றால், டைப்-சி வழியாக சார்ஜ் வாங்கும் வசதியே அந்த மாடலில் இல்லாமல் இருக்கலாம்.

துளை சரி என்றால் சார்ஜரின் மேல் அச்சிட்டிருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் கண்ணுக்கு வேலை குறையும். `Output` என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இப்படி இருக்கும்:

```
5V⎓3A  9V⎓3A  15V⎓2A  20V⎓1.5A
```

இது நல்ல 30 வாட் சார்ஜர். 15 வோல்ட்டும் 20 வோல்ட்டும் இருப்பதால் பெரும்பாலான லேப்டாப் இதை ஏற்கும். பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணைவிட எனக்கு முக்கியம் இந்த வரிதான். ஏனென்றால், விதிமுறைப்படி 27 வாட்டைத் தாண்டும் சார்ஜருக்குத்தான் 15 வோல்ட் கட்டாயம். 45 வாட்டைத் தாண்டினால்தான் 20 வோல்ட் கட்டாயம். 20, 25 வாட் போன் சார்ஜர்கள் பெரும்பாலும் 9 வோல்ட்டோடு நின்றுவிடும். 20 வோல்ட் இல்லாமல் அசையவே மாட்டேன் என்று சில லேப்டாப்கள் அடம்பிடிக்கும். அவற்றுக்கு இந்த சார்ஜரால் ஒன்றும் ஆகாது. மேக்புக் போன்ற சில லேப்டாப்கள் மட்டும் 5 வோல்ட்டில்கூட மெல்ல மெல்ல ஏற்றிக்கொள்ளும்.

இன்னொரு வகையும் உண்டு, ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான். சில செல்போன்களோடு வரும் "65 வாட்" சார்ஜரில் `10V⎓6.5A` என்று அச்சிட்டிருக்கும். 10 வோல்ட் என்பது பவர் டெலிவரியின் பொதுப் பட்டியலிலேயே இல்லை. அந்த நிறுவனத்தின் போனும் அந்த சார்ஜரும் தங்களுக்குள் தனியாகப் பேசிக்கொள்ளும் மொழி அது. லேப்டாப்புக்கு அது புரியாது. அதே சார்ஜர் பவர் டெலிவரியையும் பேசும் என்றால் அதற்கான வரி தனியாக அச்சிட்டிருக்கும். அந்த வரியில் இருப்பது மட்டுமே உங்கள் லேப்டாப்புக்குக் கிடைக்கும். சார்ஜர் பக்கம் அகலமான பழைய யூஎஸ்பி முனை, லேப்டாப் பக்கம் டைப்-சி என்று இருக்கும் கேபிளில் பவர் டெலிவரிப் பேச்சே நடக்காது. இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்க வேண்டும்.

லேப்டாப் அடியோடு காலியாகி அணைந்திருந்தால் பொறுமை வேண்டும். குறைந்த வாட் சார்ஜரை மாட்டி உடனே பவர் பட்டனை அழுத்தினால், எழுந்திருக்கத் தேவையான சக்தி இல்லாமல் லோகோ வந்து மறுபடி அணையும். அரை மணி நேரம் பட்டனைத் தொடாமல் விட்டுவிட்டுப் பிறகு போடுங்கள்.

அறிகுறி: சார்ஜ் விட்டு விட்டு ஏறுகிறது

ஏறுகிறது, நிற்கிறது, "டிங்" என்று சத்தம் வந்து மறுபடி ஏறுகிறது. நான் முதலில் சந்தேகப்படுவது பல துளை சார்ஜரை. "65 வாட்" என்று போட்ட இரண்டு துளை சார்ஜரில், ஒரு துளையில் மட்டும் மாட்டினால்தான் 65. இன்னொன்றில் போனைச் சொருகிய நொடியில் அது தன் பங்கீட்டை மாற்றி, லேப்டாப்புக்கு 45, போனுக்கு 20 என்று புதிதாகப் பேச்சைத் தொடங்கும். அந்த இடைவெளியில் லேப்டாப்புக்கு மின்சாரம் நின்று வரும். போன் நிறைந்து எடுத்தால் மறுபடி அதே கூத்து. போனை எடுத்துவிட்டு லேப்டாப்பை மட்டும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் சார்ஜரும் லேப்டாப்பும் நலமே.

அதிலும் நிற்கவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் போக, முனைக்குள் அடையாளச் சில்லு வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். நல்ல சார்ஜர் கேபிளிடமும் விசாரித்துத்தான் கொடுக்கும். 65 வாட் என்பது 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர் என்பதால், சாதாரண கேபிளைப் போட்டால் அதே 65 வாட் சார்ஜர் 60-க்கு இறங்கிவிடும். இந்த 5 வாட்டால் பெரிய நட்டமில்லை. ஆனால் 100 வாட் சார்ஜரை வாங்கி சாதாரண கேபிளில் மாட்டினால் 40 வாட் வீண்.

அறிகுறி: ஹப் வழியாக மாட்டினால் மட்டும் இறங்குகிறது

மானிட்டர், பென் டிரைவ், கீபோர்டு எல்லாம் சொருகும் டைப்-சி ஹப் பலரிடமும் இருக்கிறது. சார்ஜரை ஹப்பில் மாட்டி, ஹப்பை லேப்டாப்பில் மாட்டுவார்கள். தன் துளைகளில் எது சொருகினாலும் கொடுக்க வேண்டும் என்று ஹப் ஒரு பங்கை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும்; 10 முதல் 15 வாட் வரை போவது வழக்கம். 100 வாட் சார்ஜரில் 85 மிஞ்சும், யாருக்கும் தெரியாது. 45 வாட் சார்ஜரில் மிஞ்சுவது 30. நேராக மாட்டினால் சமாளித்த லேப்டாப், ஹப் வழியாகப் போனால் மேலே போட்ட 30 வாட் கணக்குக்குள் வந்து விழுகிறது. சார்ஜரை வேறொரு டைப்-சி துளையில் நேராக மாட்டிவிட்டு, ஹப்பை மானிட்டருக்கு மட்டும் வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

அறிகுறி: பேட்டரி இறங்கவில்லை, ஆனால் லேப்டாப் ஊர்கிறது

சில நிறுவனங்களின் லேப்டாப் தன் சொந்த பயாஸில் சார்ஜரின் வாட்டைக் கவனிக்கும். குறைவு என்று கண்டால் பிராசஸரையே கட்டிப்போடும், அல்லது லேப்டாப் ஓடும்வரை பேட்டரியை ஏற்றாமல், அணைத்த பிறகு மட்டும் ஏற்றும். டாஸ்க் மேனேஜரில் `Performance` பகுதியில் `CPU` என்பதைத் திறந்து `Speed` எவ்வளவு என்று பாருங்கள். கனமான வேலை ஓடும்போதும் அது 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே நின்று, சார்ஜரைக் கழற்றியதும் 2-ஐத் தாண்டித் தாவினால் சந்தேகமே வேண்டாம், கட்டிப்போட்டது சின்ன சார்ஜர்தான். இங்கே அமைப்புகளை மாற்றிப் பயன் குறைவு. அவசர வேலையைக் கழற்றிவைத்து முடித்துவிட்டு, ஓய்வில் சார்ஜ் ஏற்றுங்கள். அல்லது தகுந்த வாட் சார்ஜர் தேடுங்கள்.

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. அவற்றோடு வரும் வட்ட முனை சார்ஜர் 180, 230 வாட் என்று இருக்கும். டைப்-சி வழியாக அவற்றில் பல 100 வாட் வரைதான் வாங்கும். 100 வாட் டைப்-சி சார்ஜர்கூட அங்கே குறைந்த வாட் சார்ஜர்தான். பிரவுசருக்கும் எழுத்து வேலைக்கும் போதும். விளையாட்டுக்குப் போதாது.

அறிகுறி: 80 சதவீதத்தில் நின்றுவிட்டது

இதற்கு சார்ஜரைக் குறை சொல்ல வேண்டாம். பேட்டரியின் ஆயுளைக் காக்க 60 அல்லது 80-ல் நிறுத்தும் வசதி பெரும்பாலான லேப்டாப்களில் இருக்கிறது. தயாரிப்பாளரின் செயலியில் அதை எடுத்துவிட்டால் மேலே ஏறும். `ChargeRate`, `DischargeRate` இரண்டும் 0 என்று நின்றால் இதுதான். எண் கொஞ்சமாவது இறங்கு பக்கம் இருந்தால் முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: கனமான வேலை தொடங்கியதும் திடீரென்று அணைகிறது

கவலைப்பட வேண்டியது இந்த ஒன்றுக்குத்தான். இங்கே சார்ஜரோடு பேட்டரியும் சேர்ந்து குற்றவாளி. டர்போவின் அந்தச் சில நொடிகளில் சார்ஜரால் முடியாததைப் பேட்டரி தாங்குகிறது என்று பார்த்தோம். பேட்டரி தேய்ந்துபோயிருந்தால் தாங்க ஆளில்லை. கூட வந்த 65 வாட் சார்ஜரில் பிரச்சினையே தெரியாமல் ஓடிய லேப்டாப், 30 வாட்டில் மாட்டியதும் பொட்டென்று அணையும். சோதிக்க எளிய வழி, பாதி சார்ஜ் இருக்கும்போது சார்ஜரைக் கழற்றுவது. சில நிமிடங்கள்கூட நிற்காமல் அணைந்தால் பேட்டரியின் காலம் முடிந்தது. உறுதிப்படுத்த இது:

```
powercfg /batteryreport
```

உருவாகும் கோப்பில் `DESIGN CAPACITY`, `FULL CHARGE CAPACITY` என்ற இரண்டு எண்களை ஒப்பிடுங்கள். 50,000 என்று தொடங்கியது 20,000-க்கும் கீழே வந்திருந்தால், புது சார்ஜருக்குச் செலவழிக்கும் முன் புது பேட்டரிக்குச் செலவழியுங்கள். பேட்டரி உப்பி, டச்பேடோ கீழ் மூடியோ தூக்கிக்கொண்டு நின்றால் எந்த சார்ஜரையும் மாட்டாமல், அணைத்து நேராக சர்வீசுக்குக் கொண்டுபோங்கள்.

மாற்று சார்ஜர் வாங்குவதாக இருந்தால்

கூட வந்தது 65 வாட் என்றால், பையில் போட்டுத் திரிய 45 வாட் போதும் என்பது என் கருத்து. எழுத்தும் மீட்டிங்குமாக இருப்பவர்களுக்கு அதில் குறையே தெரியாது. தினமும் கம்பைல், எடிட்டிங் என்று ஓட்டுகிறவர்கள் 65-ஐயே வாங்குங்கள். போனையும் அதிலேயே மாட்டுவீர்கள் என்றால் 100 வாட் இரண்டு துளை சார்ஜராகப் பார்த்து, ஒரே நேரத்தில் இரண்டும் மாட்டினால் எந்தத் துளைக்கு எவ்வளவு என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 20 வோல்ட் வரி அச்சில் இருக்க வேண்டும். 60-க்கு மேல் வாங்கினால் 5 ஆம்பியர் கேபிளையும் சேர்த்து வாங்குங்கள். அதிக வாட் சார்ஜரை மாட்டினால் லேப்டாப் கெடுமோ என்று பலர் கேட்கிறார்கள். கெடாது. லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டுமே கேட்டு வாங்கும்.